சைகை அகராதியில் சொல்லைத் தேடும் முறை

தில்லியிலுள்ள இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் காணொளி அகராதி, 2021ஆம் ஆண்டில் 10,000 சொற்களாக விரிவடைந்தது. அச்சொற்களை Sign Learn என்னும் செயலியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தேடலாம். ஆகவே, தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் மாற்றும் இடத்திலேயே நாம் பெரும்பாலும் தவறிவிடுகிறோம்.

‘படி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். செவித்திறன் குறைந்த நம் குழந்தை மாடி ஏறுகையில் இச்சொல் தேவைப்பட்டால் stairs என்று தேட வேண்டும். கதைப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் read என்றும், பள்ளிப் பாடமெனில் study என்றும் தேட வேண்டும். சைகை பொருளுக்கு உரியது, எழுத்துக்கு உரியதன்று. காணொளியில் படமும் இருந்தால், நாம் கருதிய பொருள் அதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்னர்க் காணொளியை மூன்று முறை காண்போம். முதலில் கையின் வடிவம், அடுத்து அது தொடங்கும் இடமும் அசைவும், இறுதியில் முகபாவம். திரையில் இருப்பவர் நமக்கு எதிரே நிற்பதால் அவரது வலக்கை நமக்கு இடப்புறம் தோன்றும். வலக்கைப் பழக்கமுடையோர் தம் வலக்கையாலேயே செய்ய வேண்டும்.

மறுநாள், படியைச் சுட்டாமல் சைகையை மட்டும் காட்டுவோம். குழந்தை படியை நோக்கினால் சொல் பதிந்துவிட்டது. பள்ளியில் வேறு சைகை வழங்கினால் ஆசிரியரிடம் கேட்டு, வீட்டிலும் அதனையே பின்பற்றுவோம்; சைகைகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதுண்டு.