கடிதம் யாருடைய மேசையில் நிற்கிறது?

சில வருடங்களுக்கு முன்னர், பெருநாள் வியாபாரத்திற்காக எனது கடன் எல்லையை 5 இலட்சத்திலிருந்து 8 இலட்சமாக உயர்த்தித் தரும்படி, எனக்குத் துணி தரும் கம்பனியொன்றுக்கு எழுதினேன். பிரதேச விற்பனை முகாமையாளர், கணக்காளர், பணிப்பாளர் மூவருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்பினேன். மூன்று வாரமாகப் பதிலில்லை. விசாரித்தபோது, பணிப்பாளர் கணக்காளரின் குறிப்பை எதிர்பார்த்திருந்தார். கணக்காளரோ முகாமையாளரின் சிபாரிசை எதிர்பார்த்திருந்தார். முகாமையாளர், மேலிடத்துக்கே கடிதம் போய்விட்டது, இனி நமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டார். சரக்கு பெருநாளுக்குப் பின்னரே வந்தது.

பிழை என்னுடையது. ஒருவர் பின் ஒருவராக ஒப்புதல் தர வேண்டிய விடயத்தை மூவரிடமும் ஒன்றாகக் கேட்டால், முதலில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பது எவருக்கும் தெரியாது.

மறுவருடம் எழுதுமுன் விற்பனைப் பிரதிநிதியிடம், "யார் முதலில் பார்ப்பார், அவர் எதைப் பார்ப்பார்?" என்று கேட்டறிந்தேன். கடிதத்தை முதலாமவருக்கு மட்டும் முகவரியிட்டு இவ்வாறு எழுதினேன்:

"கடன் எல்லையை 8 இலட்சமாக உயர்த்தித் தருமாறு வேண்டுகிறேன். சரக்கு 20ஆம் திகதி தேவை. இப்போது தங்களது சிபாரிசு தேவைப்படுகிறது. 5ஆம் திகதிக்குள் தந்துதவவும். அதன் பின் கணக்காளர் எனது கொடுப்பனவுகளைப் பார்த்து 9ஆம் திகதிக்குள் குறிப்பெழுத வேண்டும். இறுதியாகப் பணிப்பாளரின் ஒப்புதல் 13ஆம் திகதிக்குள் தேவை. கடந்த 12 மாதக் காசோலை விபரம் இணைக்கப்பட்டுள்ளது."

திகதிகளைப் பின்னிருந்து எண்ணினேன். சரக்கு ஏற்றி வர ஒரு வாரம் வேண்டும் என்பதால் இறுதி ஒப்புதல் 13ஆம் திகதி என்றாயிற்று. காசோலை விபரம் கணக்காளருக்கானது. அதைத் தொடக்கத்திலேயே இணைத்ததால் கோப்பு அவரிடமிருந்து கேள்வியுடன் திரும்பி வரவில்லை.

முகாமையாளர் சிபாரிசு செய்த அன்றே கணக்காளருக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினேன்: "முகாமையாளர் இன்று சிபாரிசு செய்துள்ளார். அடுத்து தங்களது குறிப்பு." அதன் பிரதியை முகாமையாளருக்கும் வைத்தேன். அவர் தாண்டிப் போனதாக மனம் கோணவில்லை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நடுவில் ஒருவர் விடுமுறை என்றால், அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடுபவர் யார் என்று கேட்டு அவரது பதவியைக் குறிப்பிடுங்கள். இன்னொன்று, கணக்காளர் 8 இலட்சத்தை 7 ஆகக் குறைத்தால், முகாமையாளரின் முந்திய சிபாரிசு 8க்கு உரியது. அவரது சம்மதத்தை மீண்டும் பெற்ற பின்னரே பணிப்பாளரிடம் போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தொகைகளைக் கண்டு அவர் கோப்பைத் திருப்பி விடுவார்.

கடிதத்தைத் தபாலில் போடுமுன் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். நாளை காலை பேனாவை எடுக்க வேண்டியவர் யார் என்பது அதில் தெரியாவிட்டால், திருப்பி எழுதுங்கள்.