அணைக்குப் போன கட்டுரை வயலுக்கு வரவே இல்லை

போன கட்டுரைப் போட்டிக்கு நான் எழுதின மூன்று பக்கத்தில், என்னுடைய தமிழ் ஐயா பென்சிலால் கோடு போட்டுக் காட்டினது மொத்தம் ஒன்பது வரி. "இந்த ஒன்பதுதான்த்தா தலைப்புக்குப் பதில் சொல்லுது. மிச்சம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரும் கேட்கலியே"ன்னு சொல்லிட்டார். அன்று சாயங்காலம் அவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தலைப்பு இதுதான்: "கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவது எப்படி?" நம்ம ஊர்க்காரப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் கை தானாக என்ன எழுதும்? நானும் அதையேதான் எழுதினேன். கர்னல் பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15இல் புனேயில் பிறந்தார் என்று ஆரம்பித்தேன். அடுத்து 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம். அதற்கடுத்து 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு போட்ட 999 வருஷக் குத்தகை. பிறகு அணை கட்டின கஷ்டம், 1895 அக்டோபரில் திறப்பு விழா. வருஷம் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் இரண்டரைப் பக்கம் முடிந்தும் ஒரு நெல்மணி விளையவில்லை!

ஐயா முதலில் ஒரு வேலை கொடுத்தார். "தலைப்புக்குப் பதிலை ஒரே வாக்கியத்துல சொல்லு. வருஷம் வரக்கூடாது, ஆள் பேரு வரக்கூடாது." ரொம்ப நேரம் யோசித்து இப்படி எழுதினேன்: "மேற்கே ஓடும் ஆற்றுநீரைத் தேக்கிக் கிழக்கே திருப்பியதால், இங்கே மழையை மட்டும் நம்பாமல், ஒரு தேதியை நம்பி நாற்றுப் பாவ முடிகிறது, அதனால் இருபோகம்." இதுதான் கட்டுரைக்கு முதுகெலும்பு. இந்த வாக்கியத்தின் எந்தத் துண்டு, "அப்போ என்ன நிலைமை இருந்துச்சு?" என்று தெரிந்தால்தான் புரியுமோ, அந்த இடத்தில் மட்டும் வரலாறு வரலாம்.

என் வாக்கியத்தில் அப்படி இரண்டு துண்டு இருந்தது. ஒன்று, "மேற்கே ஓடும் ஆற்றுநீர்". தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மலை அந்தப் பக்கச் சரிவிலேயே வாங்கிக்கொள்கிறது. பெரியாறும் அந்தப் பக்கமாகவே ஓடி அரபிக்கடலில் சேர்கிற ஆறு. இந்தப் பக்கம் நிலம் இருந்தது, ஜூன் மாதத்தில் உறுதியான தண்ணீர் இல்லை. இதைச் சொல்லாமல் அணையைச் சொன்னால், அணை எதை மாற்றியது என்றே தெரியாது. இரண்டாவது துண்டு, "கிழக்கே திருப்பியதால்". அணை மட்டும் கட்டினால் தண்ணீர் நமக்கு வந்துவிடாது. மலையைக் குடைந்து சுரங்கம் போட்டதால்தான் வந்தது. 1895 என்ற வருஷத்துக்கு இங்கேதான் வேலை. அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்க அது ஒரு வரப்பு மாதிரி.

இப்போது சரி செய்த பத்தியைப் பாருங்கள்:

"கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகம் தொடங்குவது, மலைக்கு அப்பால் பெய்யும் மழையால். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ப்பதால், கிழக்கே உள்ள நமக்கு ஜூனில் கிடைப்பது குறைவு. 1895இல் பெரியாற்று நீர் சுரங்கம் வழியாக இப்பக்கம் திரும்பிய பிறகு, அந்த மழையே இங்கு நாற்றங்கால் தண்ணீரானது. இன்றும் அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இதை நம்பி நடவு செய்கிறது."

ஒரே ஒரு பழைய வருஷம்தான், அதுவும் ஒரு வாக்கியத்தின் பாதியில். அடுத்த வாக்கியமே இன்றைக்கு வந்துவிட்டது. வரலாற்றுக்குள் போனால் வெளியே வர வழி வைத்துக்கொண்டு போகணும் என்பார் ஐயா. சுரங்கம் மாதிரின்னு வைங்களேன்!

தடம் மாறுகிறோமா என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன சோதனை சுலபம். சந்தேகமான வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தைப் படிக்கணும். அது தடுமாறாமல் நின்றால் மறைத்தது தேவையில்லை. "புனேயில் பிறந்தார்" என்பதை மறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. குத்தகையை மறைத்தேன், அப்பவும் ஒன்றும் ஆகவில்லை. மழை மேற்கே பெய்வதை மறைத்தேன். சுரங்கம் எதற்கு என்றே புரியவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. அடுத்தடுத்து மூன்று வாக்கியத்துக்கு ஒரே ஆள் எழுவாயாக வந்தால் நாம் வாழ்க்கை வரலாறு எழுதுகிறோம். மூன்று வாக்கியம் வருஷத்தில் தொடங்கினால் சரித்திர வகுப்பு. என் பக்கத்தில் "அவர்" மட்டும் பதினொன்று இருந்தது. எண்ணிப் பார்த்துட்டு எனக்கே சிரிப்பு.

பென்னிகுயிக் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்பதையும் எழுதியிருந்தேன். நம்ம வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற கதைதான். ஐயா கோபப்படவில்லை. "திண்ணையில சொல்லலாம். கட்டுரையில வைக்கணும்னா ஆவணம் காட்டணும். காட்டினாலும் அது அவரு எப்பேர்ப்பட்டவர்ங்கிறதுக்குத்தான் பதில். இருபோகத்துக்குப் பதில் இல்ல"ன்னார்.

இதைக் கேட்டுவிட்டு எல்லா வரலாற்றையும் வெட்டி எறிந்தேன். அதுவும் தப்பாகப் போச்சு! "தேனி மாவட்டத்துக்காகக் கட்டப்பட்ட அணை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அன்றைக்குத் தேனி மாவட்டம் ஏது? 1990களில்தானே மதுரையிலிருந்து பிரிந்தோம். அந்தத் திட்டம் நமக்காக மட்டும் போட்டதும் இல்லை. மதுரை, மேலூர்ப் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் அதன் பெரிய நோக்கம். இது தெரிந்த பிறகுதான் கட்டுரையின் கடைசிப் பத்தி எனக்குக் கிடைத்தது. தண்ணீர் நம் ஊரோடு நிற்பதில்லை; நம் வயல் போக மீதி, 1959இல் திறந்த வைகை அணைக்குப் போய், அங்கிருந்து கீழே போகிறது. அதனால் பெரியாற்றில் இருப்பு குறைந்த வருஷத்தில் ஜூன் தேதி தள்ளிப்போகும். முதல் போகம் பிந்தினால் இரண்டாவதும் பிந்தும். இருபோகம் என்பது நிரந்தரச் சொத்து இல்லை, ஒவ்வொரு வருஷமும் அணை நீர்மட்டத்தைப் பார்த்து முடிவாகிறது என்று எழுதினேன். இந்த வரலாறு ஒரு வரிதான், ஆனால் பதிலையே மாற்றிவிட்டது. ஐயா பென்சில் கோடு போட்டுப் பக்கத்தில் ஒரு 'சரி'யும் போட்டார்.

அப்போ பஞ்சம்? அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். தலைப்பு "பெரியாறு அணை ஏன் கட்டப்பட்டது?" என்று இருந்தால் பஞ்சம்தான் முதல் பத்தியாம். 1808லேயே கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் பார்த்துவிட்டுச் சரிப்படாது என்று சொன்ன வேலையை, எழுபது எண்பது வருஷம் கழித்து அரசு ஏன் கையில் எடுத்தது என்று விளக்கப் பஞ்சம் வேண்டும். அந்தத் தலைப்புக்கு இருபோகக் கணக்கு வேண்டாம். விரலை வைத்து மறைத்துப் பார்த்தேன், ஐயா சொன்னது சரிதான்.

வெட்டின இரண்டரைப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. லோயர்கேம்பில் 2013இல் திறந்த மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தபோது எழுதின குறிப்புகளோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன். ஜனவரி 15 வருதில்ல, அன்னைக்குத் தலைப்பு அவரே!