வாய்க்கால் ஓரப் புல்லும் ஈரல் தட்டைப்புழுவும்

குர்பானி அறுப்பின்போது சில ஆடுகளின் ஈரலைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். வழவழப்பாக இருக்க வேண்டிய ஈரல் மேடு பள்ளமாக இருக்கும். உள்ளே ஓடும் பித்தக் குழாய்கள் கயிறு போலத் தடித்திருக்கும். குழாயை வெட்டி அழுத்தினால், பித்தநீரோடு இலை வடிவத்தில் பழுப்பு நிறப் புழுக்கள் வெளியே வரும். சிறு விரல் நீளம்கூட இருக்கும். இதுவே ஈரல் தட்டைப்புழு. அந்த ஈரலைத் தின்பதால் இந்தப் புழு மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் கெட்டுப்போன ஈரலை ஒதுக்கிக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வாய்க்காலில் மட்டும் எறியாதீர்கள். பித்தத்தில் புழுவின் முட்டைகள் இருக்கும், அவை காத்திருப்பதே தண்ணீருக்காகத்தான்.

சாணத்திலும் புழுக்கையிலும் வெளிவரும் முட்டை காய்ந்த தரையில் விழுந்தால் வீணாகிவிடும். தண்ணீரில் விழுந்தால் நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களில் பொரிக்கும். பொரித்த குஞ்சு ஒரு நாளைக்குள் ஒரு குறிப்பிட்ட நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைய வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். நத்தைக்குள் ஒன்று பலநூறாகப் பெருகி, வாரக்கணக்கில் கழித்து வெளியே நீந்தி வந்து, நீர்மட்டத்தை ஒட்டிய புல்லிலும் நெல் தாளின் அடிப்பகுதியிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்ளும். குண்டூசித் தலையை விடச் சிறிய அந்தக் கூட்டைப் புல்லோடு சேர்த்து ஆடு மேய்கிறது.

எல்லா நத்தையும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. வயலில் கிடக்கும் மூடி போட்ட பெரிய நத்தை இதுவல்ல. நாம் தேட வேண்டியது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவில், மெல்லிய ஓடும் கூரிய முனையும் உள்ள நத்தை. அதற்கு மூடி கிடையாது. கூர் முனையை மேலாகவும் வாயை உங்கள் பக்கமாகவும் பிடித்தால் வாய் வலப்புறம் இருக்கும். அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் ஜாதி. அதனால் வேகமாக ஓடும் வாய்க்காலின் நடுவில் இருக்காது. தேங்கிய வடிகால், குழாயடிச் சேறு, குளத்துப் பாசி ஓரம், மதகுக்குக் கீழே நிற்கும் நீர் ஆகிய இடங்களில் இலையடியில் ஒட்டியிருக்கும். உப்பு நீரில் வாழாது. வாத்து மேய்ந்த வயலில் இது குறைவாக இருப்பதைப் பார்க்கலாம். மயில்துத்தம் போட்டால் நத்தை சாகும் என்று சிலர் சொல்வார்கள். அது மீனையும் கொல்லும், செம்மறிக்கும் தாமிரம் நஞ்சு. அந்த வழி வேண்டாம்.

காவிரிப் பாசனப் பகுதிக்குக் கிடை போட வரும் ஆட்டு மந்தையை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து வறண்ட பூமியில் இந்தத் தொல்லை குறைவு. சம்பா அறுவடை முடிந்து பிப்ரவரியில் மந்தை தஞ்சை மாவட்ட வயல்களுக்கு வருகிறது. வயல் காய்ந்து கிடக்க, பச்சை தெரிவது வடிகால் ஓரத்தில்தான். பல மாதம் தண்ணீர் நின்று நத்தை பெருகிய இடமும் அதுவே. ஆடு அங்கேதான் போகும்.

பிப்ரவரி நடுவில் உள்ளே போன புழுக்குஞ்சு குடலைத் துளைத்து ஈரலுக்குள் புகுகிறது. சுமார் மூன்று மாதம் ஈரல் சதையைத் தின்றபடி அலைந்து, அதன் பிறகே பித்தக் குழாயில் தங்கி முட்டையிடுகிறது. ஆகவே மார்ச், ஏப்ரலில் புழுக்கையைச் சோதித்தால் முட்டை தெரியாது. ஆனால் ஆட்டுக்குப் பெரும் ஆபத்து அந்த நாட்களில்தான். அதிகமாகத் தின்ற ஆடு, நேற்று மேய்ந்தது இன்று காலை கிடையில் செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரலில் ரத்தப் பொட்டுகளும் துளைகளும், வயிற்றறையில் ரத்தம் கலந்த நீரும் இருக்கும். பெரிய புழுவைத் தேடினால் கிடைக்காது, குஞ்சுகள்தான் இருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற ஆடு தாங்கும். மே, ஜூனில் அதன் கீழ் இமையை விலக்கினால் சிவப்பு போய் வெளுத்திருக்கும். மயிர் உதிரும், மந்தையில் பின்தங்கும். தாடைக்குக் கீழே பை போல நீர் கோத்துத் தொங்கும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். இரைப்பையில் ரத்தம் குடிக்கும் உருண்டைப் புழுவும் இதே வெளுப்பையும் இதே தாடை வீக்கத்தையும் தரும். கடையில் ‘பூச்சி மருந்து’ என்று கேட்டால் ஐவர்மெக்டினோ பென்பென்டசோலோ கொடுப்பார்கள். அவை தட்டைப்புழுவைத் தொடுவதில்லை. மருந்து கொடுத்தும் வீக்கம் வடியவில்லை என்றால் ஈரலைச் சந்தேகியுங்கள். கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைக் கொடுக்கும்போது தட்டைப்புழுவுக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். இதன் முட்டை கனமானது. உப்புக் கரைசலில் மிதக்க விடும் வழக்கமான சோதனையில் தப்பிவிடும். நீரில் கரைத்து அடியில் தங்கும் வண்டலைப் பார்க்க வேண்டும். அதில் பொன் மஞ்சளாகத் தெரிவது இந்த முட்டை. நிறமில்லாமல் தெரிவது இரைப்பையில் வாழும் வேறொரு தட்டைப்புழுவின் முட்டை.

மருந்தின் காலம் புழுவின் வயதைப் பொறுத்தது. ஆக்சிகுளோசனைடும் அல்பென்டசோலும் வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும். மார்ச் கடைசியில் ஆறு வாரக் குஞ்சு ஈரலைத் துளைத்துக்கொண்டிருக்கையில் இவற்றைக் கொடுத்தால் பணம்தான் போகும். அந்த நேரத்துக்கு உரியது டிரைகிளாபென்டசோல். சில வாரங்களே ஆன குஞ்சையும் கொல்லும். செம்மறிக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 கிலோ ஆட்டுக்கு 200 மில்லிகிராம். கண்ணளவில் எடையைக் குறைத்து மதிப்பதே எங்கும் நடப்பது. இரண்டு மூன்று ஆடுகளையாவது தராசில் தூக்கிப் பாருங்கள்.

கோடை வெயிலில் வடிகால் ஓரம் காய்ந்ததும் புல்லிலுள்ள கூடுகள் சாகும், புதிய தொற்று நின்றுவிடும். கடைசியாகத் தின்றவை வளர்ந்து முடியும் காலம் ஜூன் கடைசி, ஜூலை. அப்போது இரண்டாம் முறை, வளர்ந்த புழுவுக்கான மருந்து போதும். ஆக்சிகுளோசனைடு என்றால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். வாய்க்காலில் மீண்டும் தண்ணீர் நிறையும் முன் இதைச் செய்துவிட்டால் முட்டை நத்தையிடம் போய்ச் சேராது, மந்தை திரும்பும்போது சொந்த ஊர்க் கண்மாய்க்கும் நோயைக் கொண்டுபோகாது. சினை பிடித்த முதல் மாதத்தில் உள்ள ஆட்டுக்கு அல்பென்டசோல் கொடுக்கக் கூடாது.

மாடு, எருமை இதை ஓரளவு தாங்கும். திடீர்ச் சாவு அரிது. பால் குறைவது, விட்டுவிட்டுக் கழிவது, தீனி தின்றும் உடம்பு தேறாதது என்று இழுத்துக்கொண்டே போகும். வீட்டில் கட்டியிருக்கும் மாட்டுக்கும் வயல் வரப்புப் புல் வழியாக வரும். நீரில் நின்ற பகுதியை விட்டு மேலே அறுங்கள். ஈர வைக்கோலை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்திய பிறகு போடுங்கள்.

இப்போதைய ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. மருந்து கொடுத்தபின் இத்தனை நாள் இறைச்சிக்கு அறுக்கக் கூடாது என்று புட்டியில் அச்சிட்டிருப்பார்கள். டிரைகிளாபென்டசோலுக்கு அது பல வாரங்கள். குர்பானிக்கு விற்கும் கிடாக்களை முன்கூட்டியே பிரித்து, மார்ச் மருந்தோடு நிறுத்தி, தேதியைக் குறித்து வையுங்கள். வாங்குபவரும் கடைசியாக எந்த மருந்து, எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்கலாம்.