ரீ சோதனையா, மாறற்றிறன் பகுப்பாய்வா? மும்முறை அளவீடுகளுக்குப் பொருத்தமான சோதனையைத் தெரிதல்

பரம்பரையலகு வெளிப்பாடு பற்றிய ஆய்வுகூட அறிக்கைகளில் மாணவர் அதிகம் புள்ளி இழக்கும் இடம் “புள்ளிவிபரப் பகுப்பாய்வு” என்னும் பகுதியே. இரண்டு கூட்டங்களாயின் ரீ சோதனை, மூன்று அல்லது அதற்கு மேலாயின் மாறற்றிறன் பகுப்பாய்வு என்ற விதியை எல்லோரும் மனனம் செய்திருப்பர். விதி சரியானதே. ஆனால் அதைப் பிரயோகிக்குமுன் விடை காணவேண்டிய வேறொரு வினா உண்டு. “மூன்று” என்று நாம் எழுதும் அந்த எண் எதனை எண்ணிப் பெறப்பட்டது என்பதே அவ்வினா. இப்பாடத்தில் அதனை முதலில் பார்த்துவிட்டுச் சோதனைக்கு வருவோம்.

உதாரணமாக அரபிடொப்சிஸ் தாவரத்தை எடுப்போம். இதிலுள்ள ஆர்.டி.29ஏ என்னும் பரம்பரையலகு உவர்த்தன்மை, வறட்சி, குளிர் ஆகிய தகைப்புகளின்போது கூடுதலாக வெளிப்படும். மாணவி ஒருவர் மூன்று தாவரங்களுக்கு வெறும் போசணைக் கரைசலையும், வேறு மூன்றுக்கு 100 மில்லிமோலர் உப்பையும், இன்னும் மூன்றுக்கு 200 மில்லிமோலர் உப்பையும் இடுகிறார் எனக் கொள்வோம். மொத்தம் 9 தாவரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆர்.என்.ஏ.யைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து நிகழ்நேர பீ.சீ.ஆர். செய்கிறார். ஒவ்வொரு மாதிரியையும் தட்டில் மூன்று குழிகளில் இடுகிறார். ஆகவே ஆர்.டி.29ஏ இற்கு மட்டும் 27 வாசிப்புகள் கிடைக்கும்.

இங்கே “மூன்று” இரு தடவை வருகின்றது. மூன்று தாவரங்கள் உயிரியற் பிரதிகள். ஒரே தாவரத்தின் மாதிரியை இட்ட மூன்று குழிகள் தொழினுட்பப் பிரதிகள். குழிகளுக்கிடையிலான வேறுபாடு குழாயி பிடித்த கையின் நடுக்கத்தையும் கருவியின் வழுவையும் மாத்திரமே காட்டும். தாவரத்துக்குத் தாவரம் உள்ள இயற்கையான வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் கூறாது. நமது வினாவோ “உப்பு இத்தாவர இனத்தில் இப்பரம்பரையலகின் வெளிப்பாட்டைக் கூட்டுகின்றதா” என்பது. ஆகவே எண்ணப்பட வேண்டியவை தாவரங்களே.

இதை மீறினால் என்ன நேரும் என்பதை ஓர் எண் உதாரணத்தால் பார்ப்போம். (இப்பாடத்திலுள்ள வாசிப்புகள் யாவும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.) உப்பே இடப்படாத இரு தாவரங்களை எடுங்கள். முதலாவதன் மூன்று குழிகளும் 8.45, 8.50, 8.55 எனவும் இரண்டாவதன் மூன்று குழிகளும் 7.45, 7.50, 7.55 எனவும் பெறுமானம் தருகின்றன. ஒவ்வொன்றின் மாறற்றிறனும் 0.0025. இடைகளின் வித்தியாசம் 1.0. இதற்கு ரீ சோதனை செய்தால்:

t = 1.0 / √(0.0025 × 2/3) = 24.5

சுயாதீனப் படி 4 இற்கு, 5% மட்டத்தில் அட்டவணை தரும் அவதிப் பெறுமானம் 2.776 மட்டுமே. எனவே “மிகவும் பொருளுண்மையான வேறுபாடு” என்று சோதனை அறிவிக்கும். ஆனால் இரண்டுக்கும் உப்பே இடப்படவில்லை! சோதனை பொய் சொல்லவில்லை, “இவ்விரு குழாய்களிலுமுள்ள ஆர்.என்.ஏ. வேறுபட்டதா” என்ற வினாவுக்குச் சரியாக விடை கூறியிருக்கிறது. நாம் கேட்க நினைத்த வினா அதுவல்ல. அறிக்கையொன்றில் வழுக்கோடுகள் வரைபிற் கண்ணுக்கே தெரியாத அளவு குறுகியனவாக இருந்தால், குழிகளை எண்ணிவிட்டார்களோ என்று முதலில் சந்தேகியுங்கள். பரீட்சகரும் அவ்வாறே சந்தேகிப்பார்.

ஆகவே முதற்படி, ஒவ்வொரு தாவரத்தினதும் மூன்று குழிகளின் சீ.ரீ. பெறுமானங்களுக்கு இடை கண்டு ஒரே எண்ணாகச் சுருக்குவது. சீ.ரீ. என்பது புளோரொளிர்வு குறித்த எல்லையைத் தாண்டும் வட்டத்தின் எண். ஒரு குழி மட்டும் மற்ற இரண்டிலிருந்தும் அரை வட்டத்துக்கு மேல் விலகி நின்றால், இடை காணுமுன் அதன் காரணத்தைத் தேடவேண்டும். அடுத்து, வெளிப்பாடு மாறாத ஒப்பீட்டுப் பரம்பரையலகு ஒன்றின், இங்கு அக்ரின் 2 இன், சீ.ரீ. பெறுமானத்தைக் கழிக்கவேண்டும். பெறப்படுவதைச் சீ.ரீ. வித்தியாசம் என்போம். இப்போது 27 வாசிப்புகளும் 9 எண்களாகிவிட்டன:

உப்பின்றி: 8.5, 7.5, 8.0 (இடை 8.0)
100 மில்லிமோலர்: 6.2, 6.5, 6.8 (இடை 6.5)
200 மில்லிமோலர்: 5.3, 5.9, 5.9 (இடை 5.7)

சீ.ரீ. குறைந்தால் வெளிப்பாடு கூடியது என்பதை மறவாதீர்கள். ஒவ்வொரு வட்டத்திலும் டீ.என்.ஏ. ஏறத்தாழ இரட்டிக்கும் ஆகையால் 100 இல் வெளிப்பாடு 2^1.5, அதாவது 2.8 மடங்கு, 200 இல் 2^2.3, அதாவது 4.9 மடங்கு. இம்மடங்குகளை வரைபிற் காட்டலாம். ஆனால் சோதனையைச் சீ.ரீ. வித்தியாசங்களிலேயே செய்யவேண்டும். சீ.ரீ. ஒரு மடக்கை அளவுத்திட்டம். அதில் வழு இருபுறமும் சமமாகப் பரவும். மடங்குகளாக மாற்றியதும் மேற்பக்கம் இழுபட்டு, இடை பெரிதாகப் பெரிதாக மாறற்றிறனும் பெருகும். நாம் பயன்படுத்தப்போகும் இரு சோதனைகளும் அத்தகைய பரம்பலை எதிர்பார்ப்பதில்லை.

இனிச் சோதனையைத் தெரிவோம். மாணவி உப்பின்றியும் 200 மில்லிமோலரிலும் மட்டும் பரிசோதித்திருந்தால் கூட்டங்கள் இரண்டே. ரீ சோதனை போதும்:

t = 2.3 / √(0.185 × 2/3) = 6.55

இங்கு 0.185 என்பது இரு கூட்டங்களினதும் மாறற்றிறன்களாகிய 0.25, 0.12 ஆகியவற்றின் இடை. 6.55 ஆனது 2.776 இலும் பெரியது. சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படும். இதே ஆறு எண்களுக்கும் மாறற்றிறன் பகுப்பாய்வு செய்தால் F = 42.9 வரும். அது 6.55 இன் வர்க்கமே. இரண்டு கூட்டங்களுக்கு இரு முறைகளும் ஒரே முடிவைத்தான் தரும். ஆகவே இரு கூட்டங்களுக்கு மாறற்றிறன் பகுப்பாய்வு செய்தவர் பிழை செய்தவரல்லர். சுற்றுவழி வந்தவர், அவ்வளவே. மாறற்றிறன்கள் சமமென்று நம்ப முடியாவிடின் வெல்ச்சின் ரீ சோதனையே பாதுகாப்பானது. எக்செல்லில் இறுதி எண் 2 ஆயின் சம மாறற்றிறன், 3 ஆயின் வெல்ச்:

```
=T.TEST(B2:B4,C2:C4,2,3)
```

மூன்று கூட்டங்களிருக்கையில் மூன்று ரீ சோதனைகளைச் செய்துவிட்டால் என்ன என்பது மாணவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு சோதனையிலும் இல்லாத வேறுபாட்டை உண்டென்று சொல்லிவிடும் நிகழ்தகவு 5%. மூன்றும் சுயாதீனமாயின் ஒன்றிலாவது ஏமாறும் நிகழ்தகவு 1 − 0.95³, அதாவது 14%. இங்கு ஒரே கூட்டம் இரு ஒப்பீடுகளில் வருவதால் அது சற்றுக் குறையும். எனினும் 5% இலும் இரு மடங்குக்கு மேலாகவே இருக்கும்.

மாறற்றிறன் பகுப்பாய்வு மூன்று கூட்டங்களையும் ஒரே தடவையில் நோக்கும். கூட்டங்களுக்கிடையிலான வர்க்கக் கூட்டுத்தொகை 8.18, சுயாதீனப் படி 2, ஆகவே இடை வர்க்கம் 4.09. கூட்டங்களுக்குள்ளே வர்க்கக் கூட்டுத்தொகை 0.50 + 0.18 + 0.24 = 0.92, சுயாதீனப் படி 6, ஆகவே இடை வர்க்கம் 0.153.

F = 4.09 / 0.153 = 26.7

அவதிப் பெறுமானம் 5.14. ஆகவே மூன்று இடைகளும் சமம் என்ற கருதுகோள் நிராகரிக்கப்படும். பலர் இங்கேயே நிறுத்தி “மூன்றும் ஒன்றிலிருந்தொன்று வேறுபட்டவை” என்று எழுதிவிடுவர். F அவ்வாறு கூறவில்லை. எங்கோ ஒரு வேறுபாடு உண்டு என்பதே அதன் கூற்று. எங்கே என்பதை அறியத் துக்கியின் சோதனை தேவை. அதன் அட்டவணை எண் 4.34. எல்லை வித்தியாசம்:

4.34 × √(0.153 / 3) = 0.98

உப்பின்றியதற்கும் 100 இற்கும் வித்தியாசம் 1.5, உப்பின்றியதற்கும் 200 இற்கும் 2.3. இரண்டும் எல்லையைத் தாண்டுகின்றன. 100 இற்கும் 200 இற்கும் இடையில் 0.8 மட்டுமே. அது தாண்டவில்லை.

இப்போது அதே 100, 200 கூட்டங்களுக்குத் தனியாக ரீ சோதனை செய்து பாருங்கள். மாறற்றிறன்களின் இடை 0.105; t = 0.8 / √0.07 = 3.02. இது 2.776 ஐத் தாண்டுகிறது! ஒரே தரவுக்கு ஒரு வழி “உண்டு” என்றும் மறு வழி “நிறுவப்படவில்லை” என்றும் சொல்கின்றன. விரும்பிய விடையைத் தந்த சோதனையைத் தெரிவுசெய்வது நேர்மையன்று. மூன்று கூட்டங்களையும் ஒப்பிடுவதென்று பரிசோதனையைத் திட்டமிட்டவர் துக்கியின் முடிவையே எழுதவேண்டும்: “உப்பு வெளிப்பாட்டைக் கூட்டியது; செறிவை 100 இலிருந்து 200 ஆக உயர்த்தியதால் மேலும் கூடியதென்று இத்தரவு காட்டவில்லை.” வேறுபாடே இல்லையென்றும் எழுதிவிடாதீர்கள். மூன்று தாவரங்களால் சிறிய வேறுபாடுகளைப் பிடிப்பது கடினம். பரம்பல் செவ்வனானதா என்று மூன்று புள்ளிகளைக்கொண்டு சோதிக்கவும் இயலாது. அதனால் வரைபிற் சலாகைகளுடன் ஒன்பது புள்ளிகளையும் தனித்தனியே குறித்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு உப்புச் செறிவையும் கட்டுப்பாட்டுடன் மட்டும் ஒப்பிடுவதே முன்கூட்டிய நோக்கமாயின் துக்கிக்குப் பதிலாக டன்னெற்றின் சோதனையைப் பயன்படுத்தலாம். ஒப்பீடுகள் இரண்டாகக் குறைவதால் எல்லை 0.91 ஆக இறங்கும்.

இன்னொரு நிலைமையும் அடிக்கடி வரும். மூன்று பிரதிகளும் மூன்று வெவ்வேறு நாட்களில், ஒவ்வொரு நாளும் கட்டுப்பாடும் பரிகரிப்பும் சேர்த்துச் செய்யப்பட்டிருந்தால், அவை நாளின்படி சோடியாக்கப்பட்டவை. இரு கூட்டங்களுக்குச் சோடி ரீ சோதனையும், மூன்றுக்கு நாளைத் தொகுதியாகக் கொண்ட மாறற்றிறன் பகுப்பாய்வும் பொருந்தும். நாளுக்கு நாள் வேறுபாடு பெரிதாயின், சோடியாக்காமற் செய்பவர் உண்மையான விளைவையே தவறவிடக்கூடும்.

(சிறு மாதிரிகளுக்கான ரீ சோதனையை 1908 இல் “மாணவன்” என்ற புனைபெயரில் வெளியிட்டவர் கொசெற். டப்ளினிலுள்ள கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றியவர். மாறற்றிறன் பகுப்பாய்வை 1920களில் விருத்திசெய்த பிஷர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இருந்தவர். இரண்டும் குறைந்த எண்ணிக்கையான தரவுகளோடு மல்லுக்கட்டியவர்களின் கண்டுபிடிப்புகளே.)

பயிற்சி வினா

ஒரு மாணவன் மருந்திடப்பட்ட கலங்களை ஒரு குடுவையிலும், மருந்திடாதவற்றை இன்னொரு குடுவையிலும் வளர்த்து, ஒவ்வொரு குடுவையின் ஆர்.என்.ஏ.யையும் மூன்று குழிகளில் அளந்தான். ரீ சோதனையில் p = 0.0004 எனப் பெற்று “மருந்து வெளிப்பாட்டைப் பொருளுண்மையாக மாற்றியது” என எழுதினான். இம்முடிவை மதிப்பிடுக.

விடை: ஒவ்வொரு கூட்டத்திலும் உயிரியற் பிரதி ஒன்றே உண்டு. குழிகளின் இடையைக் கண்டபின் கூட்டத்துக்கு ஓர் எண்ணே மிஞ்சும். மாறற்றிறனைக் கணிக்க முடியாது. ஆகவே ரீ சோதனையோ மாறற்றிறன் பகுப்பாய்வோ இத்தரவுக்குப் பொருந்தாது. அவன் பெற்ற p இரு குடுவைகளுக்கிடையிலான வேறுபாட்டை மட்டுமே குறிக்கும். அது மருந்தினாலோ குடுவையினாலோ என்று பிரித்தறிய இயலாது. ஒவ்வொரு பரிகரிப்புக்கும் குறைந்தது மூன்று தனித்தனிக் குடுவைகளுடன் பரிசோதனையை மீளச் செய்யவேண்டும்.