முதல் 500 ரூபாய் யூனிட்டாகும் வரை

மியூச்சுவல் ஃபண்டு கணக்கைக் கைப்பேசியிலேயே தொடங்கலாம். பான், ஆதார், சொந்த வங்கிக் கணக்கு, ஆதாரில் பதிவான கைப்பேசி எண் ஆகியவை கையில் இருந்தால் போதும்.

நம்பிக்கை: டீமேட் கணக்கு இல்லாமல் ஃபண்டு வாங்க முடியாது.

உண்மை: பங்கு வாங்கத்தான் டீமேட் தேவை. ஃபண்டு யூனிட்டுகளை ஃபண்டு நிறுவனம் ஃபோலியோ எண்ணில் வரவு வைக்கும்.

நம்பிக்கை: ஓடிபி வந்துவிட்டால் கேஒய்சி முடிந்தது.

உண்மை: ஓடிபி கொடுத்ததும் டிஜிலாக்கரிலிருந்து ஆதார் விவரம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அதன்பின் செல்ஃபியோ சிறு வீடியோவோ கேட்கப்படும். பிறகு கேஒய்சி பதிவு நிறுவனம் விவரங்களைச் சரிபார்க்கும். அதன் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் நிலை தெரியும். Validated என்றிருந்தால் எந்த ஃபண்டு நிறுவனத்திலும் வாங்கலாம். Registered என்றால் ஏற்கெனவே முதலீடு உள்ள நிறுவனத்தில் தொடரலாம். புதிய நிறுவனம் ஆவணங்களை மீண்டும் கேட்கும். On Hold என்றால் குறையைச் சரிசெய்த பிறகே வாங்க முடியும்.

நம்பிக்கை: பெயரில் ஓர் எழுத்து முன்பின் இருந்தால் என்ன?

உண்மை: புதுக்கோட்டை போன்ற தமிழ்நாட்டு ஊர்களில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். வட இந்தியக் குடும்பப்பெயர் வழக்கத்தை ஒட்டி அமைந்த பான் விண்ணப்பம் தனி இனிஷியலை ஏற்பதில்லை. ஆலங்குடியில் ‘க. முருகேசன்’ என்பவர் இருப்பதாகக் கொள்வோம். ஆதாரில் அவர் ‘முருகேசன் க’. பான் அட்டையிலோ தந்தை பெயரும் விரிந்து ‘கருப்பையா முருகேசன்’. வங்கிப் பாஸ்புக்கில் வெறும் ‘முருகேசன்’. ஃபண்டு விண்ணப்பத்தில் பான் அட்டையில் உள்ளபடியே பெயரை நிரப்ப வேண்டும். வங்கிக் கணக்கைச் சரிபார்க்க 1 ரூபாய் அனுப்பி, கணக்குதாரர் பெயரை வங்கியிடமிருந்து பெறுவார்கள். அது பொருந்தாவிட்டால் பெயர் அச்சிட்ட காசோலையோ பாஸ்புக் பக்கமோ கேட்பார்கள். அதற்கும் வழியில்லை என்றால் வங்கிக் கிளையில் பெயரைத் திருத்துவதே நல்லது. மகனின் கணக்கிலிருந்து பணம் கட்டும் குறுக்கு வழி செல்லாது. பணம் முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும்.

நம்பிக்கை: பணம் பிடித்த நேரத்து விலையில் யூனிட் கிடைக்கும்.

உண்மை: ஃபண்டின் என்ஏவி நாளுக்கு ஒன்றுதான், சந்தை முடிந்தபின் கணக்கிடப்படும். பங்கு சார்ந்த ஃபண்டுகளில் பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் ஃபண்டின் கணக்கை எட்டியிருந்தால் அன்றைய என்ஏவி. வெள்ளிக்கிழமை 2.55-க்கு யுபிஐயில் கட்டிய பணம் 3 மணிக்குப் பின் சேர்ந்தால், திங்கள் விடுமுறை இல்லாதபட்சத்தில், திங்கட்கிழமை என்ஏவி. இடையில் யூனிட் திரையில் தெரியாததால் பணம் தொலைந்ததாகப் பொருளில்லை.

500 ரூபாயில் 0.005 சதவீத முத்திரை வரி, அதாவது இரண்டரைப் பைசா, கழியும். என்ஏவி 40 ரூபாய் என்றால் கிடைப்பது 12.499 யூனிட். 12.5 இல்லையே என்று புகார் எழுத வேண்டாம்.

நம்பிக்கை: செயலி மூடப்பட்டால் முதலீடு போய்விடும்.

உண்மை: செயலி இடைத்தரகர் மட்டுமே. யூனிட் பதிவு கேம்ஸ், கேஃபின்டெக் போன்ற பதிவாளர்களிடம் இருக்கும். முதல் கொள்முதலுக்குப் பின் அவர்களின் தளத்தில் கணக்கு அறிக்கையைப் பெற்று, ஃபோலியோ எண்ணையும் யூனிட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.