தலைப்பெழுத்து M ஆ, N ஆ? தொலைபேசியில் பெயரைப் பிழையின்றிச் சொல்லும் முறை

பரிசோதனை முடிவு வந்துவிட்டதா, மருத்துவரை மீண்டும் எந்நாளில் காணலாம் என்று அறிய நோயாளியின் உறவினர்கள் தொலைபேசியில் அழைக்கும்போது, நாங்கள் முதலில் கேட்பது நோயாளியின் பெயரையும் தலைப்பெழுத்தையும்தான். உரையாடல் தமிழில் நடந்தாலும், கணினியில் பெயர் ஆங்கில எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் உங்கள் பதிவு அகப்படாமல் போகலாம். அதைவிடத் தீங்கானது, பெயர் ஒத்த வேறொருவரின் பதிவு அகப்படுவது.

எழுத்துகள் ஏன் மயங்குகின்றன?

B, C, D, E, G, P, T, V ஆகிய எட்டு எழுத்துகளின் பெயர்களும் 'ஈ' என்னும் ஒலியில் முடிகின்றன. அவ்வொலி நீண்டும் உரத்தும் கேட்கிறது. ஓர் எழுத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலியோ கண நேரத்தில் மறைந்துவிடுகிறது. M, N இரண்டும் 'எ' என்று தொடங்கி மூக்கொலியில் முடிவதால் அவையும் எளிதில் மயங்குகின்றன. F, S ஆகியவற்றின் நிலை வேறு. பழைய முறையிலான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே கடத்துகிறது. S எழுத்தின் சீறொலியில் பெரும்பகுதி அதற்கு மேல் இருப்பதால் வழியிலேயே அறுபட்டுவிடுகிறது. எனவே, எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அது மறுமுனையை எட்டாது.

நமக்கு மேலும் ஓர் இடர் உண்டு. B, P இரண்டையும் தமிழில் 'பி' என்றும், D, T இரண்டையும் 'டி' என்றும் எழுதுகிறோம். ஆதலால் பெயரின் எழுத்துகளைத் தமிழில் குறித்துக்கொண்டு பிறகு படித்துச் சொல்பவரிடம் அந்த வேறுபாடு தாளிலேயே தொலைந்துபோகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

நோயாளியின் அட்டையில் M SHANTHI என்று இருப்பதாகக் கொள்வோம். அவருடைய மகள், "எம். சாந்தி" என்று மட்டும் சொல்கிறார். பதிவுப் பிரிவில் இருப்பவர் காதில் அது "என். சாந்தி" என்று விழுகிறது; அவர் N SANTHI என்று தட்டுகிறார். அதே பெயரில் மற்றொரு நோயாளி இருந்தால் திரையில் அவருடைய பதிவு திறக்கும். தவறு நேர்ந்ததை இருவரும் உணரமாட்டார்கள்.

அதே மகள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வாறு சொல்லலாம்:

"தலைப்பெழுத்து, எம் ஃபார் மதுரை. இனிப் பெயர். எஸ் ஃபார் சேலம், எச் ஃபார் ஹைதராபாத், ஏ ஃபார் ஆக்ரா." சற்று நிறுத்தம். "என் ஃபார் நாகப்பட்டினம், டி ஃபார் திருச்சி, எச் ஃபார் ஹைதராபாத்." மீண்டும் நிறுத்தம். "ஐ ஃபார் இந்தியா. அவ்வளவுதான்."

மும்மூன்று எழுத்துகளாகச் சொல்வது, கேட்பவர் தட்டி முடிக்க இடம் தருகிறது. தலைப்பெழுத்தைத் தனியே சொல்வது இன்றியமையாதது. பெயரின் நடுவில் ஓர் எழுத்து பிசகினால் சுற்றியுள்ள எழுத்துகளைக் கொண்டு ஊகிக்கலாம். தனித்து நிற்கும் தலைப்பெழுத்துக்கு அத்தகைய துணை இல்லை.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

இருவரும் அறிந்த ஊர்ப் பெயர்கள் மிகவும் ஏற்றவை. B எழுத்துக்குப் பெங்களூரு, P எழுத்துக்குப் பழனி, D எழுத்துக்கு டெல்லி, V எழுத்துக்கு வேலூர் என்று கொள்ளலாம். F எழுத்துக்கு ஃபேன் போதும். கோயம்புத்தூரைத் தவிர்ப்பது நன்று. ஆங்கிலத்தில் அது C எழுத்தில் தொடங்கினாலும் காதுக்கு K போலவே ஒலிக்கிறது. C எழுத்துக்குச் சென்னையும் K எழுத்துக்குக் கும்பகோணமும் ஐயம் தராதவை. ஆட்பெயர்களையும் தவிர்க்க வேண்டும். "எஸ் ஃபார் சரவணன்" என்றால், சரவணன் என்பது நோயாளியின் தந்தை பெயரோ என்று கேட்பவர் மயங்கக்கூடும்.

சரிபார்க்கும் முறை

சொல்லி முடித்ததும், "நீங்கள் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "எம். சாந்திதானே?" என்று மறுமுனையில் கேட்டு, நீங்கள் "ஆம்" என்பது சரிபார்ப்பாகாது, அவரவர் எதிர்பார்த்ததே அவரவர் காதில் விழும். அவர் "என் ஃபார் நாகப்பட்டினம்" என்று தலைப்பெழுத்தைப் படித்தால் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

எழுத்துகள் அனைத்தும் சரியாக அமைந்தாலும், ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய இருவர் இருக்கக்கூடும். ஆகவே நோயாளி எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுமுனையில் சொல்லப்படும் வயதோ மருத்துவர் பெயரோ பொருந்தவில்லையெனில், முடிவைக் கேட்காமல் அங்கேயே நிறுத்தி, பெயரிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

அட்டையில் உள்ள எழுத்துகளையும் அவற்றுக்குரிய ஊர்களையும் ஒரு தாளில் எழுதி அட்டையுடன் வைத்துக்கொண்டால், வீட்டில் யார் அழைத்தாலும் பெயரை ஒரே வகையில் சொல்ல இயலும்.