தவறி வந்த அழைப்பும் தன்மையான பதிலும்

ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் காலை, ஒரு மாணவி சொன்ன செய்தியிலிருந்து இந்தப் பாடம் தொடங்கியது. முந்தைய நாள் மாலை அவள் வீட்டுக் கைபேசிக்கு ஒரு பாட்டி அழைத்திருக்கிறார். எடுத்தவுடன், "நல்லா இருக்கியா சாமி? சாப்டியா?" என்று கேட்டிருக்கிறார். இவளும் "நல்லா இருக்கேன், சாப்டேன்" என்றிருக்கிறாள். பாட்டி மகனிடம் பேசுவதாக எண்ணி, மருத்துவமனைக்குப் போய் வந்ததையும் கையில் பணம் இல்லாததையும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பயந்துபோன மாணவி, "ராங் நம்பர்" என்று கத்திவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அதே பாட்டி மேலும் மூன்று முறை அழைக்க, அண்ணன் திட்டியிருக்கிறான்.

"நீ எங்கே தவறினாய்?" என்று நான் கேட்கவில்லை. "பாட்டி ஏன் மறுபடியும் மறுபடியும் அழைத்தார்?" என்று வகுப்பைக் கேட்டேன். சற்று யோசித்த பின் ஒரு மாணவன், "அவங்க கையில இருக்குற நம்பரே தப்பா இருக்கும் சார்" என்றான். அதுதான் காரணம். "ராங் நம்பர்" என்ற சொல், எண் தவறு என்று மட்டுமே சொல்கிறது. எங்கே தவறு என்று சொல்வதில்லை. அழைத்தவர் அதே எண்ணை மீண்டும் அழுத்துவார்.

பின்னர் மூன்று செயல்களைக் கரும்பலகையில் எழுதினோம்.

முதலாவது, வணக்கத்துக்கு வணக்கம் மட்டும். நலம் விசாரித்தால் "நல்லா இருக்கேன்" என்று சொன்னவுடன், சரியான ஆளே பேசுவதாக அழைத்தவர் முடிவு செய்துவிடுவார். வீட்டுச் செய்திகள் வரத் தொடங்கும். ஆகவே, "வணக்கங்க, நீங்க யார்கிட்ட பேசணும்?" என்று உடனே கேட்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணை அவரைப் படிக்கச் சொல்வது. நம் பெயரையோ ஊரையோ நாம் சொல்லத் தேவையில்லை. அவர் படிக்கும் எண் நம் எண்ணாகவே இருந்தால், அவர் எழுதி வைத்ததில் பிழை. வேறாக இருந்தால், அழுத்தும்போது ஏற்பட்ட பிழை. இதற்கு மாணவர்களுக்குத் தம் வீட்டு எண் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, விடைபெறுதல். நேரில் "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வர்றேன்" என்கிறோம் அல்லவா? அதுபோலத் தொலைபேசியில் "வச்சிடட்டுங்களா?" என்று கேட்கிறோம். அவர் "சரி" என்று சொல்லும்வரை ஒரு நொடி காத்திருப்பதுதான் கனிவு.

அடுத்து இருவர் இருவராக முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். முகம் தெரியாதபோது குரலும் சொல்லும் மட்டுமே மரியாதையைக் காட்டும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் எழுதிய சீட்டு ஒன்று. நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்குவதால், யாருடைய எண்ணும் வந்துவிடாதபடி 2-இல் தொடங்கும் எண்களையே எழுதினேன். சில இணைகளின் சீட்டுகளில் ஓர் இலக்கம் மட்டும் மாறியிருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒரே எண். பேசி முடித்ததும் பிழை எங்கே என்று எடுத்தவர் சொல்ல வேண்டும்.

ஒன்றைத் தனியாகப் பேச வேண்டியிருந்தது. உண்மையில் எண் மாறி அழைத்தவர், தெரிந்தவுடன் வைத்துவிடவே பார்ப்பார். "அப்ப நீ யாரு? வீட்டுல யாரு இருக்கா?" என்று பேச்சை வளர்ப்பவரிடம் இந்த உரையாடல் பொருந்தாது. "தப்பான நம்பருங்க, வச்சிடறேன்" என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட்டு, பெரியவர்களிடம் தெரிவிக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்டால் சொல்லவே கூடாது. தொந்தரவு தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பாட்டி மீண்டும் அழைத்திருக்கிறார். மாணவி சொன்னபடியே எழுதுகிறேன்.

"வணக்கங்க பாட்டி. நீங்க யார்கிட்ட பேசணும்?"

"எம் மவன்கிட்ட சாமி."

"இது அவர் நம்பர் இல்லைங்க பாட்டி. பக்கத்துல படிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா, சீட்டுல இருக்குற நம்பரைப் படிக்கச் சொல்றீங்களா?"

பக்கத்து வீட்டு அக்கா படித்திருக்கிறார். கடைசி இலக்கம் 1. இவர்கள் வீட்டு எண்ணில் அது 7. சீட்டில் இருந்த 1-ஐ இத்தனை நாளும் யாரோ 7 என்று படித்து அழுத்தித் தந்திருக்கிறார்கள்.

"கடைசியில 7 அழுத்திட்டாங்க போலங்க. 1 போட்டுப் பாருங்க."

"உன்னைத் தொந்தரவு பண்ணிட்டேனே சாமி."

"பரவாயில்லைங்க பாட்டி. வச்சிடட்டுங்களா?"

அதன்பின் அந்த அழைப்பு வரவில்லை. "மவன்கிட்ட பேசியிருப்பாங்கல்ல சார்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.